எம்சிபி எதனால் விழுகிறது, எர்த் இருக்கிறதா: புது ஃப்ளாட்டில் நீங்களே பார்க்கக்கூடியவை

எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுவதற்கு முன்னால், வீட்டுக்கு வரும் கரண்டை அறைகளுக்குப் பிரித்துவிடும் டிபி பாக்ஸைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள். எந்த லீவர் விழுந்திருக்கிறது? ஸ்விட்சைப் போட்டு எவ்வளவு நேரத்தில் விழுந்தது? காரணத்தில் பாதி இதிலேயே தெரிந்துவிடும். நான் சொல்வது சிங்கிள் ஃபேஸ் இணைப்புக்கு. லீவரையும் பிளக்கையும் மட்டும்தான் தொடப்போகிறோம், உள்மூடியின் திருகைக் கழற்றும் வேலை எலக்ட்ரீஷியனுடையது. கை காய்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும்.

படி 1: விழுந்தது எது?

வரிசையாக ஒல்லியாக நிற்பவை எம்சிபிகள். ஒவ்வொன்றும் ஒரு அறைக்கோ, ஏசிக்கோ, கீசருக்கோ போகும். முகப்பில் சி16, சி20 என்று போட்டிருக்கும். அந்த எண்தான் ஆம்பியர். ஓரத்தில் இரண்டு மடங்கு அகலத்தில், டெஸ்ட் பட்டனோடு, 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டு ஒன்று இருந்தால் அது ஆர்சிசிபி. பட்டனே இல்லாமல் அகலமாக மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது வெறும் ஐசோலேட்டர், மெயின் ஸ்விட்ச் மாதிரிதான், உங்களை ஷாக்கிலிருந்து காப்பாற்றாது.

எம்சிபி பார்ப்பது வயரில் கரண்ட் அளவுக்கு மீறிப் போகிறதா என்பதை. ஆர்சிசிபி பார்ப்பது ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்பதை. குறைந்தால் வேறெங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

படி 2: எம்சிபி மட்டும் விழுந்திருந்தால்

போட்ட அடுத்த நொடியே பட்டென்று விழுந்தால் ஷார்ட் சர்க்யூட். அந்த லைனில் உள்ள பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டு, லீவரை முழுக்கக் கீழே தள்ளி (சிலது நடுவில் நிற்கும், அப்படியே மேலே தூக்கினால் நிற்காது) ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். நின்றால் ஏதோ ஒரு சாதனத்தில் கோளாறு, ஒவ்வொன்றாகச் செருகினால் மாட்டிக்கொள்ளும். நிற்கவில்லை என்றால் வயரிங்கிலோ ஸ்விட்ச் போர்டிலோ இருக்கிறது. திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள்.

கொஞ்ச நேரம் ஓடிவிட்டு விழுந்தால் ஓவர்லோடு. இதில்தான் புதிதாகக் குடிவந்தவர்கள் அதிகம் குழம்புகிறார்கள், ஏனென்றால் ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. சமையலறை லைனில் சி16 இருக்கிறது என்று வையுங்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும், 1500 வாட் கெட்டில் 6.5, 1200 வாட் இழுக்கும் மைக்ரோவேவ் 5.2. மூன்றும் சேர்ந்தால் 20.4 ஆம்பியர். 16ஐத் தாண்டியாச்சே, உடனே விழ வேண்டாமா? விழாது. எம்சிபிக்குள் இருக்கும் பட்டை சூடாகி வளைந்துதான் லீவரைத் தள்ளும், அதற்கு நேரம் வேண்டும். தர விதிப்படி 1.13 மடங்கு வரை, அதாவது சுமார் 18 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழக்கூடாது, 1.45 மடங்கில், சுமார் 23 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். நம்முடைய 20.4 இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கெட்டில் சீக்கிரம் அணைந்துவிட்டால் தப்பிக்கும். அதோடு 750 வாட் மிக்சியையும் ஓட்டினால் 23ஐத் தாண்டிவிடும்.

இந்த இடத்தில், "32 ஆம்பியர் போட்டுடலாம் சார், விழவே விழாது" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். எம்சிபி காப்பது அடுப்பை இல்லை, சுவருக்குள் ஓடும் வயரை. 16 ஆம்பியர் பிளக்குக்கு வழக்கமாக 2.5 ஸ்கொயர் எம்எம் வயர்தான் இழுத்திருப்பார்கள், 32ஐப் போட்டால் எம்சிபி சும்மா நிற்க வயர்தான் சூடாகும். அடுப்புக்கென்று தனியாக 4 ஸ்கொயர் எம்எம்மில் ஒரு லைன் இழுப்பதுதான் சரி.

கணக்குப்படி லோடு குறைவு, ஆனாலும் விழுகிறது என்றால் எம்சிபியின் திருகு தளர்ந்து அந்த இடம் சூடாகலாம். கருகல் வாசனையோ, பிளாஸ்டிக் பழுப்பாகி இருப்பதோ தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

படி 3: ஆர்சிசிபி விழுந்து வீடே இருண்டுவிட்டால்

எல்லா எம்சிபியையும் கீழே இறக்குங்கள். ஆர்சிசிபியை ஏற்றுங்கள். நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வாருங்கள், எதை ஏற்றும்போது ஆர்சிசிபி விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு.

பல வீடுகளில் அது கீசர் லைனாக இருக்கும். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரில் ஹீட்டிங் எலிமெண்டின் மேல் சுண்ணாம்பு படிந்து, உறை அரித்து வெடிப்பு விட்டு, தண்ணீர் உள்ளே போய்விடும். தண்ணீர் சூடாகிறது, கீசர் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும், ஆனால் கரண்ட் தொட்டிக்கும் கசிந்துகொண்டிருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சோதித்தால் போதாது, பிளக்கை உருவ வேண்டும். சாதாரண ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் பக்கம் எலிமெண்ட் தொட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஸ்விட்ச் அணைந்திருந்தும் ஆர்சிசிபி விழும். எம்சிபிகள் எல்லாம் கீழே இருந்தும் அது நிற்காததற்கும் இப்படிப்பட்ட நியூட்ரல் கோளாறு காரணமாக இருக்கலாம், அதனால் முதலில் வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் உருவிப் பாருங்கள். அப்புறமும் நிற்கவில்லை என்றால்தான் வயரிங்கோ ஆர்சிசிபியோ.

படி 4: எர்த் நிஜமாக இருக்கிறதா?

மூன்று ஓட்டை சாக்கெட்டில் மேலே உள்ள பெரிய ஓட்டைதான் எர்த். பச்சை வயர் உள்ளே வந்திருக்கும், மறுமுனை எங்கும் சேர்ந்திருக்காது; புது ஃப்ளாட்டிலும் இது நடக்கும். மல்டிமீட்டர் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஏசி வோல்ட்டில் ஃபேஸ்–நியூட்ரல் 230ஐ ஒட்டி வரும். ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே வர வேண்டும், நியூட்ரல்–எர்த் சில வோல்ட்தான். ஃபேஸ்–எர்த் 90, 120 என்று தடுமாறினால் எர்த் அந்தரத்தில் தொங்குகிறது. அந்த லைனில் அயர்ன் பாக்ஸை ஓடவிட்டும் நியூட்ரல்–எர்த் அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு வயரால் சேர்த்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கீசரின் உலோக உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

மீட்டர் சரியாகக் காட்டினாலும் எர்த் பலமானது என்று ஆகிவிடாது, மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு. கீழே மீட்டர் அறைப் பக்கம் இருக்கும் எர்த் குழியை எர்த் டெஸ்டரால் அளந்தால்தான் ஓம் கணக்குத் தெரியும். 5 ஓம் என்று வந்தால் நல்ல எர்த் என்று சொல்வார்கள், ஆனால் ஃபேஸ் வயர் கீசர் உடம்பைத் தொட்டால் அந்த வழியாக 230ஐ 5ஆல் வகுத்த 46 ஆம்பியர்தான் போகும். சி16 எம்சிபி உடனே விழுவதற்கு உறுதியாக வேண்டியது 160 ஆம்பியர். ஆக, அது சூடாகி விழப் பல நொடிகள் ஆகும், அதுவரை கீசர் உடம்பில் கரண்ட் இருக்கும். ஆர்சிசிபிக்கு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே போதும், கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். அதனால் எர்த் இருக்கிறதே என்று ஆர்சிசிபியைத் தவிர்ப்பது தப்பு. உங்கள் போர்டில் ஐசோலேட்டர்தான் இருக்கிறது என்றால் மாடுலர் கிச்சனுக்கு முன்னால் இதற்குச் செலவு செய்யுங்கள்.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும், விழாவிட்டால் மாற்றுங்கள். ஆனால் அந்தப் பட்டன் ஆர்சிசிபியின் உள்ளேயே ஒரு செயற்கைக் கசிவை உண்டாக்கித்தான் சோதிக்கிறது, பச்சை வயரை அது தொடுவதே இல்லை. எர்த்தே இல்லாத வீட்டிலும் பட்டன் ஜோராக வேலை செய்யும், அதனால் குழியை அளக்கும் வேலையை அசோசியேஷனிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.