செஃப்ட்ரையாக்சோனும் ரிங்கர் லாக்டேட்டும்: இரண்டு பதில்கள், ஒரே மூலம்

கால்சியம் கலந்த ரிங்கர் லாக்டேட் திரவம் ஏறும் நோயாளிக்கு செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் போடலாமா என்று வார்டு டாக்டர் என்னிடம் கேட்டார். ஒரு கையேட்டில் 48 மணி நேர இடைவெளி வேண்டும் என்று இருந்தது. இன்னொன்றில், அடுத்தடுத்துப் போடலாம். பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தளத்தில் தேடினால் பச்சிளம் குழந்தைகளின் மரணச் செய்திகளே முன்னால் வந்தன. இந்த நோயாளியோ வயது வந்தவர். நாட்கள்தான் போயின.

குழப்பம் தீர்ந்தது அடிக்குறிப்பில். இரண்டு நூல்களும் மேற்கோள் காட்டியது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வைத்தான், ஒன்று 2007 அறிவிப்பு, மற்றது அதைத் திருத்திய 2009 அறிவிப்பு. 48 மணி நேரம் என்ற கையேட்டின் பதிப்பு புதியது, அந்தப் பத்தி மட்டும் பழையது! அப்புறம் தற்போதைய மருந்து லேபிளையே திறந்து சரிபார்த்தேன்.

பதிலை முதல் வரியிலேயே சொன்னேன்: “போடலாம், ஆனால் ஒரே நேரத்தில் கூடாது, ஒய்-சைட் வழியாகவும் கூடாது. ரிங்கரை நிறுத்தி, நார்மல் சலைன் போன்ற ஒத்துப்போகும் திரவத்தால் குழாயை நன்றாக ஃப்ளஷ் செய்துவிட்டுப் போடவும். மருந்தைக் கரைக்கவும் ரிங்கர் வேண்டாம்.” கீழே லேபிள் பகுதி, அறிவிப்பு ஆண்டு, நான் பார்த்த தேதி. 28 நாள் வரையுள்ள, கால்சியம் கலந்த திரவம் ஏறும் சிசுக்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குத் தடைதான் என்பதையும் தனி வரியாகச் சேர்த்தேன். அன்று மாலையே மருந்து ஏறியது.