மேடைப் பேச்சை மொழிபெயர்க்கிறீர்களா?

ஆங்கில உரையைத் தமிழாக்கும்போது பெரிய சிக்கல் வினைமுற்றுதான். தமிழில் அது கடைசியில் வருவதால், அதுவரை கேட்டதையெல்லாம் கேட்பவர் நினைவில் சுமக்க வேண்டும். வாசகரைப் போல அவரால் திரும்பிப் பார்க்க முடியாது.

“தினமும் இரண்டு மணி நேரம் நடந்து செல்லும் குழந்தைகள் வீட்டருகிலேயே படிப்பதற்கான பள்ளியைக் கட்டுவோம்” என்பது தாளில் சரி. மேடைக்கு உடையுங்கள்: “நம் குழந்தைகள் தினமும் இரண்டு மணி நேரம் நடக்கிறார்கள். அவர்கள் வீட்டருகிலேயே படிக்க வேண்டும். அதற்கொரு பள்ளி கட்டுவோம்.” எல்லாவற்றையும் இப்படியே நறுக்கினால் தந்தி வாசிப்பது போலாகிவிடும், இடையிடையே ஒரு நீண்ட வாக்கியம் இருக்கட்டும்.

பிறகு நின்றபடி உரக்கப் படியுங்கள். சொற்றொடரின் நடுவில் மூச்சு வாங்கினால், அந்த வாக்கியத்தை இன்னொரு முறை வெட்ட வேண்டும்.