ஏஐ-க்கு முகப்படம் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகத்தை வைத்துப் புதுப்படம் உருவாக்கும் ஏஐ கருவிகளில் "ஜாடையே வரலையே" என்ற புலம்பல் அடிக்கடி வரும். ப்ராம்ப்ட்டை மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கோளாறு கொடுத்த படத்தில்தான் இருக்கும். மங்கலான படமும் கூலிங் கிளாஸ் படமும் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுவோம்.

கை நீட்டி எடுத்த செல்ஃபி

எத்தனை முறை சொன்னாலும் புதிதாக வருபவர்கள் முதலில் கொடுப்பது இதைத்தான். படம் பளிச்சென்று இருக்கும், முகமும் பெரிதாக இருக்கும். ஆனால் முகத்தின் அளவுகளே பொய்யாக இருக்கும்.

மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. ஆழம் உண்டு. கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால், காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும். அதனால் காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாக விழும். அதே ஆளை 150 செ.மீ. தள்ளி நின்று எடுத்தால் இந்த வித்தியாசம் 8 சதவீதம்தான்.

நேரில் பழகிய நமக்கு அது யாரென்று தெரியும். கருவிக்கு அந்தப் படம் ஒன்றுதான் ஆதாரம். புடைத்த மூக்கையும் ஒடுங்கிய கன்னத்தையும் அவருடைய அமைப்பாகவே எடுத்துக்கொள்ளும். கல்யாண பேனருக்காக மாப்பிள்ளையின் செல்ஃபியைக் கொடுத்து முழு உருவப் படம் கேட்டால், தூரத்தில் நிற்பவர் உடலில் கிட்டத்தில் எடுத்த அந்தப் பெரிய மூக்கு வந்து உட்காரும். வீட்டார் "இது யாரோ மாதிரி இருக்கே" என்பார்கள். ப்ராம்ப்ட்டில் "சின்ன மூக்கு" என்று எழுதினால் அது வேறொருவர் மூக்காகிவிடும்.

காதுகள் கன்னத்துக்குப் பின்னால் மறைந்து, மூக்கு முன்னால் துருத்தி நிற்கிறதா? அந்தப் படம் வேண்டாம். இன்னொருவரை ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்தி, போனின் பின்பக்கக் கேமராவில் 2x ஜூம் வைத்து, கண் மட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். மேலிருந்து எடுத்தால் நெற்றி அகலும், கீழிருந்து எடுத்தால் தாடை கனக்கும்.

பியூட்டி மோட்

அணைத்து வையுங்கள்.

மெகாபிக்சலைப் பார்த்து ஏமாறுவது

கணக்கில் வருவது முகத்தின் அகலம்தான். 4000 பிக்சல் அகலமுள்ள குரூப் போட்டோவில் ஒரு முகத்துக்கு 150 பிக்சல்கூட மிஞ்சாமல் போகலாம். வெட்டிய பிறகு முகம் மட்டும் 500 பிக்சலாவது இருக்கட்டும். சின்னதை அப்ஸ்கேல் செய்து பெரிதாக்கினால் இல்லாத இமை முடியையும் தோல் ரேகையையும் மென்பொருளே கற்பனையாக வரைந்துவிடும். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

உச்சி வெயில்

கண்குழி கறுத்து, மூக்கின் நிழல் மீசையாகும். ஜன்னலுக்கு எதிரே சற்றுப் பக்கவாட்டில் திரும்பி நிற்கட்டும். இரண்டு கருவிழியிலும் ஜன்னல் வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் போதும்.

பின்னால் இன்னொரு முகம்

காலண்டர் சாமி படம்கூட முகம்தான். வெட்டிவிடுங்கள்.