காளான் வெந்தது, சிவக்கவில்லை

அரைக் கிலோ காளானையும் ஒரே தடவையில் வாணலியில் கொட்டினேன். ‘சொய்ங்’ சத்தம் நொடியில் அடங்கிக் கொதிக்கிற சத்தம் வந்தது. அடியில் சாம்பல் நிறத் தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவக்க ஏறக்குறைய 140 வேண்டும். அப்புறம் எங்கே சிவப்பது?

இப்போது மூன்று ஈடாகப் போடுகிறேன், துண்டுகளுக்கிடையே விரல் இடைவெளி விட்டு. சத்தம் தணிந்தால் கூட்டம் அதிகம் என்று அர்த்தம். ஒவ்வோர் ஈட்டுக்கும் நடுவே இரும்பு வாணலியை ஒரு நிமிடம் சும்மா காயவிட்டு எண்ணெய் ஊற்றுகிறேன். பொறுமையைச் சோதிக்கிற நிமிடம்தான்! வறுத்ததை வெதுவெதுப்பான தட்டில் பரப்பி வைக்கிறேன். மூடுவதில்லை, மூடினால் ஆவியில் நமுத்துவிடும். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து அரை நிமிடம் புரட்டி, அப்போதுதான் உப்பு.