ஹாலோகிராம் ஸ்டிக்கரைச் சோதிக்கும்போது செய்யும் தவறுகள்

பெட்டியில் ஹாலோகிராம் ஸ்டிக்கர் இருந்தால் பலரும் அதை வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பார்ப்பார்கள். வானவில் நிறம் ஓடினால் போதும், அசல் என்று முடிவு செய்துவிடுவார்கள். போலி தயாரிப்பவருக்கு இதைவிட வசதியான வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்.

1983-ல் மாஸ்டர்கார்டு தன் அட்டைகளில் ஹாலோகிராம் பதித்தபோது மினுமினுப்புக்கே ஒரு மதிப்பு இருந்தது. ஒளியைச் சிதறடிக்கும் நுண்கோடுகளை நிக்கல் அச்சில் எடுத்து பிளாஸ்டிக் படலத்தில் அழுத்திப் பதிக்கும் வசதி அப்போது மிகச் சிலரிடமே இருந்தது. இப்போது அலங்காரத்துக்கான வானவில் ஃபிலிம் ரோல் ரோலாக விற்கிறது. அதன்மேல் ஒரு லோகோவை அச்சடித்து வட்டமாக வெட்டினால் வேலை முடிந்தது. மினுக்கத்தில் அசலைவிட ஒரு படி தூக்கலாகவே இருக்கும்.

போலி தயாரிப்பவர் பெரும்பாலும் சிக்கனம் பார்ப்பது ஸ்டிக்கரின் உள்ளே. அதைக் கண்டுபிடிக்க ஸ்டிக்கரின் அடுக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரித்தால் காட்டிக்கொடுக்கும் வகை ஹாலோகிராமில் மேலே ஒளிபுகும் பாலியெஸ்டர் படலம் இருக்கும். அதன் கீழே நுண்கோடுகள் பதிந்த மெல்லிய பூச்சு, அதற்கும் கீழே அலுமினியம், கடைசியில் பசை. அந்த அலுமினியம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். சூட்சுமம் மேல் படலத்துக்கும் பூச்சுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே சில இடங்களில் மட்டும் பிடிப்பை வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள், தேன்கூட்டுக் கட்டங்களாகவோ, ‘செல்லாது’ என்று பொருள்படும் ‘வாய்ட்’ என்ற ஆங்கில எழுத்துகளாகவோ. ஸ்டிக்கரை இழுக்கும்போது பிடிப்பு குறைந்த இடங்களில் அலுமினியம் பெட்டியிலேயே தங்கிவிடும், மற்ற இடங்களில் படலத்தோடு வந்துவிடும். சாதாரண வானவில் ஃபிலிமில் இந்த ஏற்பாடு கிடையாது. அது முழுசாக, ஒரே தாளாக வரும்.

டோனர் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூடியின் விளிம்பில் பாதி, உடம்பில் பாதியாக ஒரு வெள்ளி நிற ஹாலோகிராம் ஒட்டியிருக்கிறது. தொடும் முன் அதை நேராக மேலிருந்து ஒரு படம், சாய்வாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பசையில் தூசி அல்லது காற்றுக்குமிழி தெரிகிறதா, ஓர் ஓரம் மட்டும் மங்கலாக இருக்கிறதா, கட்டங்களோ எழுத்துகளோ இப்போதே லேசாகத் தெரிகின்றனவா? கடைசியாகச் சொன்னது முக்கியம். உரிக்கும் முன்பே ‘வாய்ட்’ தெரிந்தால் ஒன்று ஏற்கெனவே யாரோ உரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள், அல்லது அந்த எழுத்துகள் வெறுமனே அச்சடிக்கப்பட்டவை.

அப்புறம் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, படலத்தைப் பின்னால் மடித்து, ஒரே சீராக மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் அட்டையின் தாளே கிழிந்து வந்துவிடும், எதையும் படிக்க முடியாது. கையில் வந்த படலத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பெட்டியில் தங்கியதோடு ஒப்பிடுங்கள். படலத்தில் எங்கே அலுமினியம் இல்லாமல் ஓட்டையாகத் தெரிகிறதோ, பெட்டியில் சரியாக அங்கேதான் அலுமினியம் இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றின் நிரப்பி. படலம் முழுவதும் மினுங்க, பெட்டியிலும் வெள்ளி எழுத்துகள் இருந்தால், அவை பிரிந்து வந்தவை அல்ல, அடியில் தனியாக அச்சடிக்கப்பட்டவை என்று சந்தேகிக்கலாம். இந்த ஒப்பீட்டைப் பலர் செய்வதே இல்லை. ‘வாய்ட்’ என்று ஏதோ வந்ததும் நம்பிவிடுகிறார்கள்.

கடைசியாக, உரித்ததை அதே இடத்தில் திரும்ப ஒட்டி அழுத்துங்கள். அசலில் உடைந்த கோடுகள் எப்படியும் தெரியும். போலி பழையபடி உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. முழுசாக உரிந்தது, ஆகவே போலி என்று அவசரப்படுவது. மேலே சொன்ன பிரிவு நடக்க ஒரு நிபந்தனை இருக்கிறது: பசை பெட்டியைப் பிடித்திருக்கும் வலு, உள்ளே குறைக்கப்பட்ட பிடிப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் போன்ற வழுக்கும் பிளாஸ்டிக்கில் பல பசைகள் நன்றாகப் பிடிக்காது. எண்ணெய்ப் பிசுக்கு, சொரசொரப்பான பெயின்ட் பூச்சு, குளிரில் ஒட்டியது எல்லாமே பிடிப்பைக் குறைக்கும். பசைக்கு முழு வலு வர பொதுவாக ஒரு நாளாவது ஆகும். இப்படிப்பட்ட பரப்பில் அசல் ஸ்டிக்கரும் சமர்த்தாக முழுசாக வந்துவிடும். தன் பொருளுக்கு ஸ்டிக்கர் வாங்கும் சிறு தயாரிப்பாளர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். விற்பவர் கண்ணாடியிலோ உலோகத்தகட்டிலோ உரித்துக் காட்டுவார், பிரமாதமாக எழுத்து வரும். சொந்தப் பாட்டிலில் ஒட்டினால் வராது. மாதிரியை உங்கள் பரப்பிலேயே ஒட்டி, ஒரு நாள் விட்டு உரித்துப் பார்க்காமல் ஆர்டர் கொடுப்பது வீண்செலவு.

இன்னொன்று, பெட்டியில் எதுவுமே தங்காத வகையும் இருக்கிறது. அதில் எழுத்து படலத்தில் மட்டும் தோன்றும், அடிப்பரப்பு சுத்தமாக இருக்கும். திருப்பிக் கொடுக்க வேண்டிய பெட்டிகளுக்கு அதைத்தான் விரும்புவார்கள். பெட்டி சுத்தமாக இருக்கிறதே என்று முகம் சுளிக்கும் முன் படலத்தைப் பாருங்கள். உதிரும் வகை வேறு: முட்டை ஓடு மாதிரி துண்டு துண்டாக உடையும், முழுசாக எடுக்கவே விடாது. அதில் எழுத்தைத் தேடுவதில் பயனில்லை. ஆக, இந்தத் தயாரிப்பு எந்த வகையைப் பயன்படுத்துகிறது என்பதை நிறுவனத்தின் தளத்திலோ, நம்பகமான இடத்தில் வாங்கிய இன்னொரு பெட்டியிலோ முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, எல்லாம் ஒழுங்காகப் பிரிந்துவிட்டது. அப்போதும் உள்ளே இருக்கும் பொருள் அசல் என்று சொல்லிவிட முடியாது. பொதுவான ‘வாய்ட்’ ஸ்டிக்கர்களை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம். முறையாகப் பிரிந்தது என்றால், இந்த ஸ்டிக்கர் வேறெங்கிருந்தோ கழற்றி ஒட்டியதாக இருக்க வாய்ப்பு குறைவு என்பதுதான் அர்த்தம். சூடு காட்டியோ திரவம் தடவியோ பொறுமையாகக் கிளப்பும் ஆட்களும் இருக்கிறார்கள், அதனால் வாய்ப்பு ‘குறைவு’ என்கிறேன், ‘இல்லை’ என்று சொல்லவில்லை. பொதுவான எழுத்துக்குப் பதில் நிறுவனத்தின் பெயரே பிரிந்து வந்தால் மதிப்பு கூடும். ஸ்டிக்கரில் வரிசை எண் இருந்தால் அதை நிறுவனத்தின் சரிபார்ப்புப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஸ்டிக்கரிலுள்ள க்யூஆர் குறியை நம்பிப் போனால், போலிக்காரர் அமைத்த பக்கமே உங்களை வாழ்த்தி ‘அசல்’ என்று சொல்லும்.

உரிப்பது பொருளை வாங்கியபின் செய்கிற வேலை. கடையில் வைத்து உரித்தால் சீலைக் கெடுத்ததாகப் பிரச்சினை வரும். கருவியின் உடம்பில் ஒட்டிய வாரன்டி சீலை உரித்தால் வாரன்டி கைவிட்டுப் போகலாம், ஆகவே அதில் கைவைக்காமல் விளிம்பைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்த பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். உரித்த படலத்தை ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, முன்பு எடுத்த படங்களோடும் பில்லோடும் வைத்திருங்கள். புகார் கொடுக்கும்போது ஸ்டிக்கர் எப்படிப் பிரிந்தது என்று நிறுவனம் கேட்டால் காட்ட அதுதான் கையில் இருக்கும்.