மதிப்பெண் பட்டியலில் குடும்பப் பெயர் மாற்றம்: மனு திரும்பி வருவது எதனால்?

விண்ணப்பத்தில் கையெழுத்து போட மறப்பது, கட்டண ரசீதை விட்டுவிடுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பணத்தையும் மாதங்களையும் தின்னும் தவறு வேறு.

அரசிதழில் பழைய பெயரை ஆதாரைப் பார்த்து எழுதுவது

கவிதா என்பவரின் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் இருப்பது 'கவிதா ஆர்'. ஆதாரில் 'கவிதா ராஜேந்திரன்'. திருமணத்துக்குப் பிறகு 'கவிதா முருகன்' என்று மாற்ற நினைக்கிறார். பெயர் மாற்றத்தை அறிவிக்கத் தமிழ்நாடு அரசிதழுக்கு விண்ணப்பிக்கும்போது, கையில் இருக்கும் ஆதாரைப் பார்த்துப் பழைய பெயரை நிரப்புகிறார். அறிவிப்பும் அப்படியே வெளியாகிறது: கவிதா ராஜேந்திரன், இனி கவிதா முருகன்.

பல்கலைக்கழகப் பதிவேட்டிலோ கவிதா ராஜேந்திரன் என்று ஒருவர் படிக்கவே இல்லை. தேர்வுப் பிரிவு எழுத்தர் பதிவு எண்ணை வைத்து ஏட்டைப் புரட்டி, அரசிதழில் உள்ள பெயரோடு ஒப்பிட்டு, பொருந்தாததால் மனுவைத் திருப்பிவிடுவார். அச்சகம் செய்த பிழையென்றால் திருத்தம் கேட்கலாம். நாமே எழுதிக்கொடுத்தது என்பதால், மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு. இத்தனைக்கும் ஒரு வரியைப் பார்த்து எழுதியிருந்தால் போதும்! பழைய பெயர் பட்டியலில் உள்ளபடி, இனிஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா இல்லையா என்பது வரை அப்படியே இருக்க வேண்டும். ஆதாரில் வேறு வடிவம் இருந்தால், இரண்டும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி சான்றொப்பமிட்ட உறுதிமொழிப் பத்திரத்தைத் தனியாக இணைக்கலாம்.

திருமணச் சான்றிதழ் மட்டும் போதும் என்று நம்புவது

போதாது. அது திருமணம் நடந்ததற்குத்தான் சான்று, பெயர் மாறியதற்கு அல்ல.

பள்ளிச் சான்றிதழை மறப்பது

பல்கலைக்கழகங்கள் பொதுவாக மாணவர் பெயரைப் பிளஸ் டூ பட்டியலிலிருந்து எடுப்பவை. அதனால் 'முதலில் பள்ளிச் சான்றிதழை மாற்றி வாருங்கள்' என்று சில இடங்களில் சொல்வார்கள். அரசிதழ் அறிவிப்பு 'இனிமேல்' இன்ன பெயரில் அழைக்கப்படுவார் என்றுதான் சொல்கிறது. அதைக் காட்டி, பழைய பட்டியலைத் திருத்த மாட்டோம், அரசிதழை உடன் வைத்துக்கொள்ளுங்கள் என்று மறுப்பவர்களும் உண்டு. செலவு செய்யும் முன்பே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விதியைக் கேட்டுவிடுங்கள்.

மூலச் சான்றிதழை நகலெடுக்காமல் கொடுப்பது

வேண்டாம்.

மனுவோடு என்ன வைப்பது

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதும் மனுவில் பதிவு எண், படிப்பு, தேர்ச்சி பெற்ற ஆண்டு, பழைய பெயர், புதிய பெயர் இவை இருக்கட்டும். பெயர் அச்சான அரசிதழ்ப் பக்கம், உறுதிமொழிப் பத்திரம், திருமணப் பதிவுச் சான்று (விவாகரத்து என்றால் நீதிமன்றத் தீர்ப்பாணை), பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பட்டியல்கள், புகைப்பட அடையாள அட்டை ஆகியவற்றின் சான்றொப்பமிட்ட நகல்கள், கட்டண ரசீது ஆகியவை இணைப்பு. எல்லாப் பருவப் பட்டியல்களின் மூலத்தையும் கேட்பார்கள். நேரில் கொடுத்து, எத்தனை தாள் என்று எழுதிய ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.