பெற்றோர் செய்திகளைப் படிக்க நேரம் வைக்கும்போது ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

பெற்றோர் அனுப்பும் செய்திகளை இன்ன நேரத்தில்தான் படிப்பேன் என்று முடிவு செய்வதும், மற்ற நேரத்தில் அனுப்புபவருக்குத் தானாக ஒரு குறிப்பு போகும்படி கைபேசியில் அமைப்பதும் பத்து நிமிட வேலை. நானும் அப்படித்தான் ஒரு மாலையில் உட்கார்ந்து முடித்தேன். இரவு பதினோரு மணிக்கு வரும் வீட்டுப்பாடச் சந்தேகங்களிலிருந்து தப்பித்தால் போதும் என்பதுதான் அப்போது என் கவலை. முதல் தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் Away message என்று ஒரு வசதி உண்டு. அது எப்போது போக வேண்டும் என்பதற்கு Always send, Custom schedule, Outside of business hours என்று மூன்று வழிகள் இருக்கும். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, பள்ளி நடக்கும் நேரத்தையே வேலை நேரமாகக் கொடுத்துவிட்டேன். பார்க்கச் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் நான் செய்தி படிப்பது காலை 7.30 முதல் 8 வரை, அப்புறம் மாலை 4 முதல் 4.45 வரை. நடுவில் வகுப்பு. கைபேசி பைக்குள் கிடக்கும். அந்த எட்டு மணி நேரமும் குறிப்பு போகாது, நானும் படிக்க மாட்டேன்.

ஒரு நாள் மதியம் 1.40க்கு ஓர் அம்மா அனுப்பியிருந்தார்: "மிஸ், இன்னைக்கு இவங்க சித்தப்பா வந்து கூட்டிட்டுப் போவாரு, வேன்ல ஏத்த வேண்டாம்." வேன் 3.20க்குக் கிளம்பிவிட்டது. நான் படித்தது 4 மணிக்கு. சித்தப்பா வாசலில் நிற்கிறார், பிள்ளை வேனில் போய்க்கொண்டிருக்கிறாள். குழந்தை பத்திரமாக வீட்டுக்குப் போய்விட்டாள் என்பது வேறு விஷயம். அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவில் அனுப்பினால் குறிப்பு வருகிறது, பகலில் அனுப்பினால் வருவதில்லை. அப்படியென்றால் பகலில் மிஸ் படிக்கிறார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

இரவுச் செய்திகள் நம் தூக்கத்தைக் கெடுக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் காலை வரை காத்திருக்கக்கூடியவை. பகல் செய்திகள்தான் அன்றைக்கே காலாவதி ஆகிறவை: யார் அழைத்துப் போவது, மதியம் கொடுக்க வேண்டிய மருந்து, இடையில் சீக்கிரம் அனுப்பச் சொல்வது. குறிப்பு முக்கியமாகப் போக வேண்டியது அந்த நேரத்தில்தான். எனவே இப்போது Always send வைத்திருக்கிறேன். குறிப்பின் வாசகத்தையும் எந்த நேரத்தில் போனாலும் பொருந்துகிற மாதிரி மாற்றிவிட்டேன்.

அந்த வாசகம்தான் அடுத்த தவறு. என் பழைய குறிப்பு இது:

"வணக்கம். நான் தற்போது பணி நேரத்தில் இல்லை. விரைவில் பதிலளிக்கிறேன். அவசரம் என்றால் அழைக்கவும். சிரமத்துக்கு வருந்துகிறேன்."

மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றுகூட இதில் இல்லை. பணி நேரம் எது? விரைவில் என்றால் இன்றிரவா, நாளை மறுநாளா? எல்லாவற்றையும்விட மோசம் அந்த "அவசரம்". தேர்வுக்கு முதல் நாள் இரவு பாடப்பகுதி எதுவென்று தெரியாத பெற்றோருக்கு அதுவும் அவசரம்தான். அப்படி அழைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. நான்தானே அழைக்கச் சொல்லியிருந்தேன். அதோடு, அழைப்பு வருவதும் வகுப்பில் நான் எடுக்கவே எடுக்காத அதே கைபேசிக்கு. உண்மையிலேயே அவசரமான நாளில் அது யாருக்கும் உதவாது. எண் என்று ஒன்றைக் கொடுத்தால் பள்ளி நேரம் முழுக்க யாராவது எடுக்கிற அலுவலகத் தொலைபேசியின் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு முன் அலுவலகத்தில் சொல்லிவைப்பதும் அவசியம். வரும் செய்தியை வகுப்புக்குக் கொண்டுவருவது யார் என்று முடிவாகாவிட்டால் அது அங்கே மேசையில் துண்டுச் சீட்டாகக் கிடக்கும்.

இப்போதைய குறிப்பு:

"வணக்கம். உங்கள் செய்தி வந்து சேர்ந்தது. இது தானாகப் போகும் பதில். பள்ளி நாட்களில் காலை 7.30 முதல் 8 வரையும் மாலை 4 முதல் 4.45 வரையும் செய்திகளைப் படிக்கிறேன். அடுத்த பள்ளி நாள் மாலைக்குள் பதில் அனுப்பிவிடுவேன். குழந்தையை வேறு ஒருவர் அழைத்துச் செல்வது, மருந்து, உடல்நலம் போன்று இன்றே தெரிய வேண்டியது எதுவானாலும் பள்ளி அலுவலகத்தை அழையுங்கள். நன்றி."

கடைசியில் அலுவலக எண். படிக்கும் நேரமும் பதில் வரும் நேரமும் தனித்தனியாக இருப்பதைக் கவனியுங்கள். 45 நிமிடத்தில் இருபது செய்திகளைப் படித்துவிடலாம், இருபதுக்கும் பதில் எழுத முடியாது. "வகுப்பில் இருக்கிறேன், எனக்கும் குடும்பம் இருக்கிறது" என்றெல்லாம் விளக்கம் எழுதியிருந்த ஒரு வடிவமும் நடுவில் இருந்தது. படித்துப் பார்த்தால் சண்டைக்கு அழைப்பது போலிருந்ததால் நீக்கிவிட்டேன்.

செயலியில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் Everyone not in address book என்று இருந்தால், நம் கைபேசியில் எண் சேமிக்கப்பட்டிருக்கும் பெற்றோர் ஒருவருக்கும் குறிப்பு போகாது. குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் என்று வைத்தால், ஆண்டின் நடுவில் சேரும் குழந்தையின் வீட்டார் விடுபட்டுப் போவார்கள். கைபேசியில் இணையம் இல்லாத நேரத்திலும் போகாது; வகுப்புக்குள் நுழையும்போது கைபேசியை அணைத்துவைக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இது பெரிய ஓட்டை. வகுப்புக் குழுவில் போடும் செய்திக்கு இந்தக் குறிப்பு வரவே வராது. அதனால் படிக்கும் நேரத்தைக் குழுவின் விவரப் பகுதியிலும் எழுதிவைக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் வீட்டிலுள்ள வேறொரு எண்ணிலிருந்து காலை பதினொரு மணிக்கு ஒன்று, இரவு ஒன்பதுக்கு ஒன்று அனுப்பச் சொல்லிப் பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் வேன் கதையே இருந்திருக்காது.

மின்னஞ்சல் வழியாகப் பேசுகிறவர்களுக்கு வேறு சிக்கல். ஜிமெயிலின் Vacation responder நாள் கணக்கில்தான் இயங்கும், மணிக்கணக்கில் அல்ல. நிரந்தரமாகப் போட்டுவைத்தால், ஒரே பெற்றோர் நான்கு நாட்களுக்குள் மறுபடி எழுதும்போது இரண்டாவது முறை குறிப்பு போகாது. திங்கட்கிழமை குறிப்பைப் பார்த்தவர் புதன்கிழமை மதியம் அவசரமாக எழுதினால் அவருக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. எனவே மின்னஞ்சலில் தானியங்கிக் குறிப்பை மட்டும் நம்பாமல், அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் கையெழுத்துப் பகுதியிலும் அந்த நேரங்களைச் சேர்ப்பது நல்லது.

மிச்சமுள்ள தவறு நம்முடையதே. குறிப்பு போன கால் மணி நேரத்தில், இரவு 9.30க்கு, "பரவாயில்லை சொல்லுங்க" என்று ஒரு பதில் போட்டால் போதும். அந்த வீட்டில் இனி குறிப்பை யாரும் நம்ப மாட்டார்கள். பதில் கிடைத்தவர் மற்ற பெற்றோரிடமும் சொல்வார். இரவில் எழுதுவதுதான் வசதி என்றால் எழுதுங்கள், அனுப்பாதீர்கள். ஜிமெயிலில் Schedule send கொடுத்துக் காலை 7.30க்குப் போகவிடலாம். வாட்ஸ்அப்பில் பாதி தட்டச்சு செய்து விட்டுவிட்டால் அந்த உரையாடலிலேயே வரைவாக நிற்கும், காலையில் ஒரு தட்டு. அதேபோல "நாளைக்கு வண்ணத்தாள் கொண்டுவர வேண்டும்" என்று இரவு எட்டு மணிக்குக் குழுவில் நாமே போட்டால், பத்துப் பேர் உடனே சந்தேகம் கேட்பார்கள். அவர்கள் பத்துப் பேருக்கும் நம் பதில் நேரம் நாளை காலை 7.30. வண்ணத்தாள் தேவைப்படுவதோ 9 மணிக்கு.